ரீஸ்டார்ட் பண்ணினதும் சரியாகிட்டுது, காரணம் என்ன என்று எழுதுவது?

கேள்வி: திருகோணமலையில மீன் ஓடர் எடுக்கிற ஒரு சின்ன ஆப் நடத்துறம். ஜூலை 12, சனிக்கிழமை விடிய 5.20 போல படுத்திட்டுது. 7.50க்கு சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணினதும் சரியாகிட்டுது. போன்களில இருந்து வந்த எரர் ரிப்போட்டில சான்றிதழ் காலாவதி எண்டு கிடக்கு. ஆனா பார்த்தா, எங்கட சான்றிதழ் ஜூன் 12 எடுத்தது, செப்டெம்பர் 10 மட்டும் செல்லும். அப்ப அது காரணமில்லைத்தானே? மனேஜர்மார் நேரம், காரணம், இனி என்ன செய்யப்போறம் எண்டு ஒரு பக்கத்தில விளங்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லினம். எப்படி எழுதுறது?

பதில்:

சான்றிதழ்தான் காரணம். நீங்கள் அதை விலக்குவதற்குக் காட்டுகிற ஜூன் 12 என்ற திகதிதான் அதற்குச் சாட்சி.

நீங்கள் பாவிப்பது லெட்ஸ் என்கிரிப்டின் இலவசச் சான்றிதழ் என்று நினைக்கிறேன். ஜூன் 12 இலிருந்து செப்டெம்பர் 10 வரை சரியாக 90 நாள், அது அவர்களுடைய காலம். அதைப் புதுப்பிக்கிற certbot, பழைய சான்றிதழ் முடிய 30 நாள் இருக்கும்போது புதியதை எடுத்து வைக்கும். அப்படியென்றால் ஜூன் 12 இல் புதியது வந்தது என்றாலே, பழையது ஜூலை 12 ஐ ஒட்டி முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஆப் படுத்த நாளும் அதுவே.

புதியது ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டதே, பிறகு ஏன் படுத்தது? புதிய சான்றிதழ் வந்தது டிஸ்க்குக்கு மட்டும். வெளியே போன்களோடு கதைக்கிற nginx, தான் தொடங்கிய நேரத்தில் வாசித்த சான்றிதழையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். மறுபடி வாசி என்று யாராவது சொல்லும்வரை டிஸ்க்கைத் திரும்பிப் பார்க்காது. அதனால் முப்பது நாளாக டிஸ்க்கில் புதியது கிடக்க, போன்களுக்குப் பழையதே போய்க்கொண்டிருந்தது. அது முடிந்த நிமிடத்தில் எல்லாப் போன்களும் இணைய மறுத்துவிட்டன. 7.50க்கு நீங்கள் ரீஸ்டார்ட் செய்தபோது nginx புதியதை வாசித்தது. ரீஸ்டார்ட் ஏதோ மாயம் செய்யவில்லை.

ஊகமாக எழுத வேண்டாம், நிரூபித்துவிட்டு எழுதுங்கள். பழைய சான்றிதழ்களை certbot அழிப்பதில்லை, `/etc/letsencrypt/archive/` என்ற இடத்தில் உங்கள் சான்றிதழின் பெயரிலுள்ள கோப்புறையில் எண்ணிட்டு வைத்திருக்கும். அந்தக் கோப்புறைக்குள் போய்க் கடைசிக்கு முந்திய எண்ணைப் பாருங்கள்:

```
openssl x509 -noout -enddate -in cert7.pem
```

(7 என்பது உதாரணம், உங்களிடம் வேறு எண் இருக்கும்.) `notAfter=Jul 11 23:48:09 2025 GMT` என்பது போல ஒரு வரி வரும் என்று எதிர்பார்க்கிறேன். சேர்வருக்குள் போக அனுமதி இல்லாதவர் `crt.sh` தளத்தில் உங்கள் டொமைன் பெயரைத் தேடியும் இதைப் பார்க்கலாம். பொதுவில் நம்பப்படுகிற சான்றிதழ்கள் பகிரங்கப் பதிவேடுகளில் ஏறுகின்றன, உங்களுடையதும் அங்கே இருக்கும்.

அந்த வரியில் ஒரு பொறி இருக்கிறது. 23:48 என்பது கிரீனிச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் ஜூலை 12 காலை 5.18. அதை மாற்றாமல் அப்படியே அட்டவணையில் போட்டால், மனேஜர் "வெள்ளி இரவு 11.48க்கே படுத்திருக்கிறது, எட்டு மணித்தியாலம் யாரும் பார்க்கவில்லை" என்று வாசிப்பார். சேர்வர் லொக்குகள் பெரும்பாலும் கிரீனிச் நேரத்தில் இருக்கும், வட்ஸ்அப் செய்திகள் இலங்கை நேரத்தில் இருக்கும். இரண்டையும் கலந்து எழுதிய அறிக்கையில் முறைப்பாடு முதலில் வந்து பழுது பிறகு வந்ததாகக்கூடத் தெரியும். எல்லாவற்றையும் இலங்கை நேரத்துக்கு மாற்றி, "எல்லா நேரமும் இலங்கை நேரம்" என்று மேலே ஒரு வரி போடுங்கள்.

5.19 அல்லது 5.20க்கு ஓர் ஓடர் பதிவாகியிருந்தால் குழம்ப வேண்டாம். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பு கொஞ்ச நேரம் ஓடும். தவிர, சான்றிதழ் முடிந்ததா என்று ஒவ்வொரு போனும் தன் கடிகாரத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறது. கடிகாரம் பிந்திய போனில் ஆப் இன்னும் சில நிமிடம் வேலை செய்திருக்கும்.

இனி முக்கியமான கேள்வி: இத்தனை மாதமாக நடக்காதது ஏன் இப்போது நடந்தது? மனேஜர் இதைக் கட்டாயம் கேட்பார். புதுப்பித்தபின் nginxக்குச் சொல்லும் ஏற்பாடு உங்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்காது. `certonly --webroot` முறையில் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு அது தானாக வராது, நாம்தான் வைக்க வேண்டும். முன்பு அது தெரியாமல் போனதற்குக் காரணம், ஆப்பில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு தரமும் நீங்கள் சேர்வரை ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள். அந்த முப்பது நாள் இடைவெளிக்குள் ஒரு தரம் ரீஸ்டார்ட் நடந்தாலே போதும், புதிய சான்றிதழ் தற்செயலாக ஏறிவிடும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் வியாபாரம் கூட, "சீசன் முடியும்வரை சேர்வரில் கை வைக்க வேண்டாம்" என்று முடிவெடுத்தீர்களா என்று பாருங்கள். ஜூன் 12க்கும் ஜூலை 12க்கும் இடையில் ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லையென்றால் கதை முழுமையாகிவிடும். பழுது எப்போதும் இருந்தது, அடிக்கடி செய்த ரீஸ்டார்ட் அதை மூடி வைத்திருந்தது.

இதைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த திகதியையும் இப்போதே சொல்லலாம். ஓகஸ்ட் 11 அளவில் certbot மறுபடி புதுப்பிக்கும், nginx மறுபடி அறியாது, இடையில் ரீஸ்டார்ட் நடக்காவிட்டால் செப்டெம்பர் 10 அன்று ஆப் மறுபடி படுக்கும். இந்த ஒரு வசனத்தை அறிக்கையில் விடாமல் எழுதுங்கள். "சரியாகிவிட்டது" என்று நினைத்திருக்கும் மனேஜருக்கு, ஏன் இன்னும் வேலை இருக்கிறது என்பது இதில்தான் விளங்கும்.

கீழே ஒரு மாதிரி தருகிறேன். நீங்கள் சொல்லாத நேரங்களுக்கும் எண்ணிக்கைகளுக்கும் உதாரணமாக ஒன்றைப் போட்டிருக்கிறேன். உங்கள் வட்ஸ்அப் குழுவையும் ஓடர் பதிவையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

> ஜூலை 12 ஆப் தடை: சுருக்கம்
> (எல்லா நேரமும் இலங்கை நேரம்)
>
> ஜூலை 12 சனிக்கிழமை காலை 5.18 முதல் 7.50 வரை, 2 மணித்தியாலம் 32 நிமிடம், ஆப்பில் கிட்டத்தட்ட யாராலும் ஓடர் கொடுக்க முடியவில்லை. அதற்கு முன் கொடுத்த ஓடர்களும் கணக்குகளும் அழியவில்லை. உடனடிப் பழுது தீர்ந்துவிட்டது. ஆனால் அடிப்படைக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் செப்டெம்பர் 10 அன்று இதே தடை மறுபடி வரலாம்.
>
> பாதிப்பு: முந்திய நான்கு சனிக்கிழமைகளில் இதே நேரத்தில் சராசரி 60 ஓடர் வந்திருக்கிறது. அன்று ஆப்பில் 1 மட்டுமே. தொலைபேசியில் 22 ஓடர் எடுத்தோம். மிகுதியில் எத்தனை பேர் வேறிடத்தில் வாங்கினார்கள் என்பதை விற்பனைப் பகுதி வாடிக்கையாளர்களிடம் கேட்டு வருகிறது.
>
> நடந்தது:
> 5.18: சேர்வர் காட்டிக்கொண்டிருந்த சான்றிதழின் காலம் முடிந்தது. ஆப் இணைவது நின்றது.
> 5.25: நிலாவெளி ஹோட்டல் ஒன்றிலிருந்து விற்பனைப் பகுதிக்கு முதல் அழைப்பு. இணைய இணைப்புக் கோளாறு என்று எண்ணப்பட்டது.
> 6.40: தொழில்நுட்பப் பகுதிக்குத் தெரிவிக்கப்பட்டது. கண்காணிப்புப் பலகை "எல்லாம் சரி" என்றே காட்டியது.
> 6.40–7.45: தரவுத்தளம், சேர்வர் வாடகை நிறுவனத்தின் இணைப்பு என்பன பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் பழுதில்லை.
> 7.50: சேர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. ஆப் வழமைக்குத் திரும்பியது.
>
> காரணம்: ஆப் பேசுவது எமது சேர்வரோடுதான் என்பதைப் போனுக்கு உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். ஜூன் 12 அன்று அது தானாகவே புதுப்பிக்கப்பட்டது. ஆனால் புதியதை எடுத்துப் பாவிக்கும்படி சேர்வருக்குச் சொல்லும் படி எமது ஏற்பாட்டில் இல்லை. முன்பெல்லாம் வழமையான ரீஸ்டார்ட்களில் அது தற்செயலாக நடந்தது. ஜூன் தொடக்கத்திலிருந்து சேர்வரில் மாற்றம் செய்யாததால் இம்முறை நடக்கவில்லை.
>
> நீடித்ததற்குக் காரணம்: 152 நிமிடத்தில் 82 நிமிடம், பழுது தொழில்நுட்பப் பகுதிக்குத் தெரியாமலே போனது. எமது கண்காணிப்பு சேர்வரின் உள்ளே இருந்து பார்ப்பதால் வாடிக்கையாளர் கண்டதை அது காணவில்லை.

தடுப்பு நடவடிக்கை பற்றிய பகுதியை இந்த மாதிரியில் சேர்க்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதில் சில இடங்கள்.

"சான்றிதழ் காலாவதியானது" என்பதோடு காரணத்தை நிறுத்தினால் மனேஜர் அடுத்து "யார் புதுப்பிக்க மறந்தது?" என்று கேட்பார். யாரும் மறக்கவில்லை, புதுப்பித்தல் ஒழுங்காக நடந்தது. அதைத் தாண்டி, "சேர்வருக்குச் சொல்லும் படி இல்லை" என்ற இடம் வரைக்கும் போனால்தான் எதைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் கீழே போய் nginx எப்படி நினைவில் வைக்கிறது என்று எழுதத் தேவையில்லை. சேர்வரில் கை வைக்க வேண்டாம் என்ற முடிவு மனேஜர் எடுத்ததாக இருந்தாலும், அதை மாதிரியில் உள்ளது போல நடந்த விஷயமாக மட்டும் எழுதுங்கள். அது பிழையான முடிவும் அல்ல.

பாதிப்பைப் பணத்தில் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். 59 ஓடரைச் சராசரி விலையால் பெருக்கி "நட்டம் இவ்வளவு" என்று எழுதிவிடாதீர்கள். கொட்பேயில் விடிய இறங்குகிற அறுக்குளாவையும் பாரையையும் வாங்க நிற்கிற ஹோட்டல்காரர், ஆப் திறக்கவில்லையென்றால் போனை எடுத்து அழைப்பார். அந்த ஓடர் போகவில்லை, வந்த வழிதான் மாறியது. தொலைபேசி ஓடர்களை எண்ணிக் கழியுங்கள், மிச்சத்தை "இன்னும் பார்க்கிறோம்" என்று விடுங்கள். ஊதிய தொகையைப் பிறகு குறைத்துச் சொல்ல நேர்ந்தால், அறிக்கையின் மற்றப் பகுதிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

"கணக்குகள் அழியவில்லை" என்ற வரியை, ஓடர் பதிவைத் திறந்து 5.18க்கு முன்னும் 7.50க்குப் பின்னும் எண்கள் தொடர்கின்றனவா என்று பார்த்த பிறகு மட்டும் எழுதுங்கள்.

இப்போது தடுப்பு. மூன்று வேலை போதும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பதவி, முடிக்கும் திகதி, முடிந்தது என்பதை எதை வைத்து அறிவது என்ற மூன்றையும் எழுதுங்கள். இதில் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, விடுபட்ட அந்தப் படியைச் சேர்ப்பது. `/etc/letsencrypt/renewal-hooks/deploy/` என்ற கோப்புறையில் இதை ஒரு கோப்பாக வையுங்கள்:

```
#!/bin/sh
nginx -t && systemctl reload nginx
```

புதுப்பித்தல் வெற்றியான ஒவ்வொரு தரமும் certbot இதை ஓட்டும். `reload` என்பதால் ஓடிக்கொண்டிருக்கிற இணைப்புகள் அறுபடாது, சீசன் நேரத்திலும் பயமில்லாமல் செய்யலாம். `chmod +x` கொடுத்து இயங்கும் கோப்பாக ஆக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் certbot அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இன்னொரு இடத்திலும் ஏமாறுவார்கள். `certbot renew --dry-run` செய்து பார்த்து "வெற்றி" என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அந்தப் பரீட்சை வழமையாக இந்தக் கோப்பை ஓட்டுவதே இல்லை. ஆகவே ஒரு தரம் `certbot renew --force-renewal` கொடுத்து உண்மையாகவே புதுப்பித்துப் பாருங்கள். ஒரே பெயருக்கு ஏழு நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். பிறகு சேர்வர் வெளியே காட்டுவது எது என்று உங்கள் மடிக்கணினியிலிருந்து கேளுங்கள்:

```
echo | openssl s_client -connect HOST:443 -servername HOST 2>/dev/null | openssl x509 -noout -enddate
```

(`HOST` என்ற இரண்டு இடத்திலும் போன்கள் இணைகிற பெயரைப் போடுங்கள்.) இந்தத் திகதியும் டிஸ்க்கில் உள்ள `fullchain.pem` காட்டும் திகதியும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. ஜூன் 12க்குப் பிறகு எந்த நாளிலாவது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒன்று ஜூலை என்றும் மற்றது செப்டெம்பர் என்றும் காட்டியிருக்கும்.

இரண்டாவது, வெளியிலிருந்து பார்க்கிற கண்காணிப்பு. சேர்வருக்குள் இருந்து http வழியாகப் பார்ப்பது சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். வெளியே வேறோர் இடத்திலிருந்து, போன்கள் பாவிக்கிற அதே பெயரில், https வழியாக, சான்றிதழையும் சோதித்துப் பார்க்க வேண்டும். காட்டப்படுகிற சான்றிதழுக்கு 20 நாளுக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை வர வேண்டும். முப்பதாவது நாளில் புதுப்பித்தல் நடப்பதால், ஒழுங்காக ஓடும் சேர்வரில் இந்த எண் ஒருபோதும் 20க்கு இறங்காது. இறங்கினால் ஏதோ ஒரு படி உடைந்திருக்கிறது, திருத்துவதற்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று கிழமை கையில் இருக்கிறது. இது முன்பே இருந்திருந்தால் ஜூன் 22 அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே மனேஜர் ஒருவர் "கலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டால் போதாதா?" என்று கேட்பார். போதாது. அந்த நாளில் உங்கள் ஆள் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, நீங்கள் இப்போது சொன்னது போலவே "செப்டெம்பர் வரை செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அனுப்பிய காலாவதி மின்னஞ்சலையும் 2025 ஜூன் 4 இலிருந்து நிறுத்திவிட்டது. அது இருந்திருந்தாலும் இந்தச் சம்பவத்தில் உதவியிருக்காது, ஏனென்றால் புதியது எடுத்தாயிற்று என்று அவர்களுடைய பதிவில் இருந்தது. தவிர, பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச் 15 இலிருந்து 47 நாள் ஆக்குவதென்று பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் தீர்மானித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு எட்டுத் தரத்துக்கு மேல் நடக்கப்போகிற வேலையை ஓர் ஆளின் ஞாபகத்தில் விட முடியாது.

மூன்றாவது அந்த 82 நிமிடம். என்னைக் கேட்டால் இதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய விஷயம், ஏனென்றால் அடுத்த தடை சான்றிதழால் வராமல் வேறெதாலோ வரலாம். 5.25க்கே வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். ஆனால் ஆப் அவருக்குக் காட்டியது "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" போன்ற ஒரு செய்தியாகத்தான் இருந்திருக்கும். எல்லாத் தோல்விக்கும் அந்த ஒரே செய்தியைக் காட்டுகிற ஆப்கள் நிறைய. அதைப் பார்த்தவர் டேட்டாவை அணைத்துப் போட்டுப் பார்ப்பார், உங்கள் விற்பனை ஆட்களும் அதையே சொல்லிக் கொடுப்பார்கள். ஆப் இணைகிற அதே பெயரைக் கணினிப் பிரவுசரில் https வழியாகத் திறந்திருந்தால் சான்றிதழ் எச்சரிக்கை முகத்தில் அடித்தது போல வந்திருக்கும், ஐந்து நிமிடத்தில் காரணம் பிடிபட்டிருக்கும். ஆகவே இரண்டு மாற்றம் எழுதுங்கள். ஆப்பில், இணையம் இல்லாததையும் சேர்வரோடு பாதுகாப்பாக இணைய முடியாததையும் வேறு வேறு செய்தியாகக் காட்டுவது. விற்பனைப் பகுதிக்கு, பத்து நிமிடத்துக்குள் இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர் ஒரே முறைப்பாட்டைச் சொன்னால், விடிய 4.30 முதல் 9 மணி வரை எடுக்க ஆள் இருக்கிற ஒரு தொலைபேசி எண்ணுக்கு உடனே அழைப்பது. வட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவது அழைப்பு ஆகாது.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், ஆப்பில் சான்றிதழ் சோதனையையே நிறுத்திவிட்டால் இந்தப் பிரச்சினை வராதே என்று யோசனை சொல்வார். கட்டாயம் மறுத்துவிடுங்கள். அந்தச் சோதனை இல்லாத ஆப், இடையில் யார் நின்று வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையும் கட்டண விபரத்தையும் வாசித்தாலும் அறியாது.

இது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 6 அன்று பிரித்தானியாவின் ஓ2 வலையமைப்பில் கோடிக்கணக்கானோருக்கு டேட்டா நின்றதற்கு எரிக்சன் மென்பொருளிலிருந்த ஒரு காலாவதிச் சான்றிதழே காரணம். கூட்டத்தில் கேட்டால் சொல்லுங்கள். அறிக்கைக்குள் போட வேண்டாம், அங்கே அது சாக்குப்போக்கு மாதிரி வாசிக்கப்படும்.

"இனி ஒருபோதும் நடக்காது" என்றும் எழுத வேண்டாம். "இதே காரணத்தால் மறுபடி நடக்கும் நிலை வந்தால் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முன்பே எச்சரிக்கை வரும்" என்று எழுதுங்கள், அதை உங்களால் காட்ட முடியும். அறிக்கையை அனுப்பியபின், கட்டாயப் புதுப்பித்தலைச் செய்து பார்த்த அன்று, இரண்டு திகதிகளும் ஒன்றாக வந்த ஸ்கிரீன்ஷொட்டோடு அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: "முதலாம் நடவடிக்கை முடிந்தது, செப்டெம்பர் 10 பற்றிய எச்சரிக்கை இனி இல்லை." மற்ற இரண்டும் முடியும் நாட்களிலும் அப்படியே செய்யுங்கள்.